46 பெயர்களும் ஒரு நன்றியுரையும்

தர்மபுரிப் பக்கத்து விழாக்களில் நன்றியுரைக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பேசி முடித்து, பொன்னாடைகள் தீர்ந்து, பந்தலுக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசனை வரத் தொடங்கிய பிறகு, நாட்டுப்பண்ணுக்கு முன்னால் கிடைக்கும் சில நிமிடங்கள். "அடுத்து நன்றியுரை" என்று மைக்கில் சொன்னதுமே பின்வரிசை எழுந்து செருப்பைத் தேடும். தமிழாசிரியர் என்றால் அந்த வேலை நம் தலையில்தான் விழும். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கிறேன்.

யோசித்ததை ஒரு விழாவை வைத்தே சொல்கிறேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரினார்கள். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கி, வண்டலை அள்ளி, வரத்துக் கால்வாயைத் திறந்து விட்டார்கள். மழை வந்து ஏரி நிரம்பிக் கோடி போனதும் கரையிலேயே பந்தல் போட்டு விழா வைத்தார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று ஊர்ப் பையன்கள் கொண்டுவந்து கொடுத்த தாளைச் சரிபார்த்து முடித்தபோது 46 பெயர்கள் இருந்தன. இங்கே நான் எழுதும் பெயர்கள் எல்லாம் எங்கள் பக்கத்தில் சாதாரணமாகப் புழங்குபவை. நிஜப் பெயர்களை மாற்றிவிட்டேன்.

வழக்கமான நன்றியுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "டிராக்டர் கொடுத்து உதவிய திரு. மாதையன் அவர்களுக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்." இந்த வாக்கியத்தில் "அவர்களுக்கு" தொடங்கி முடிவு வரைக்கும் உள்ள வாலை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிதானமாகச் சொன்னால் மூன்று விநாடிக்கு மேல் ஆகும். 46 பேருக்கு அந்த வால் மட்டுமே இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தில் கேட்பவருக்குப் புதிதாக ஒன்றுமே கிடைப்பதில்லை. மாதையன் என்ற பெயர் முழுசாக ஒரு விநாடிகூட ஒலிக்காது.

இந்த அலுப்பைப் போக்க இரண்டு வைத்தியம் செய்வார்கள். "மனமார்ந்த" என்பதை அடுத்தவருக்கு "நெஞ்சார்ந்த" என்றும், அதற்கடுத்தவருக்கு "உளமார்ந்த", "இதயபூர்வமான" என்றும் மாற்றிக்கொண்டே போவது ஒன்று. அதைக் காது கண்டுகொள்வதே இல்லை. வாக்கியத்தின் ராகம் அப்படியே இருக்கும்போது உள்ளே ஒரு சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது? இன்னொன்று, குரலில் ஏற்ற இறக்கம் காட்டுவது. அது இன்னும் மோசம். ஒரே அமைப்பில் உள்ள 46 வாக்கியங்களை நடித்துப் படித்தால், ஏழாவது எட்டாவது பெயர் வரும்போது அந்த நடிப்பே ஒரே மாதிரி ஆகிவிடும். கோளாறு தொண்டையில் இல்லை, தாளில் இருக்கிறது. தாளைச் சரிசெய்தால் குரல் தானாகவே சரியாகும்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், வழக்கமான வாக்கியத்தில் ஒவ்வொரு முறையும் காதில் கடைசியாக விழுவது "கொள்கிறேன்" தான். யாரைச் சொல்ல எழுந்து நின்றோமோ அந்தப் பெயர் நடுவில் மாட்டி நசுங்கிவிடும். இதை மாற்ற நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. வகுப்பில் வினையாலணையும் பெயர் என்று நடத்துகிறோமே, அதேதான். "கொடுத்தவர்", "ஓட்டியவர்", "சமைத்தவர்". அதை வைத்து வாக்கியத்தைக் கட்டினால் செய்த வேலை முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். "ராத்திரி எட்டு மணி வரை கூலி வாங்காமல் ஜேசிபி ஓட்டியவர் முனியப்பன்." நன்றி என்ற சொல் இதில் இல்லையே என்று கேட்கலாம். அதை ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தைச் சொல்லி முடித்தபிறகு அந்தக் கூட்டத்துக்கே சேர்த்து ஒரு முறை சொன்னால் போதும்.

கிராமத்து விழாவில் இந்தத் திருப்பிப் போடுவதற்கு இன்னொரு பலன் இருக்கிறது. நகரத்து மேடைகளில் இது இவ்வளவு வேலை செய்யாது. ஊரில் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். "மோட்டார் வைத்துச் சேற்றுத் தண்ணியை இறைக்க முதல் நாள் ராத்திரி பூரா கண் விழித்தவர்..." என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினால், நீங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே கூட்டத்தில் நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பட்டியல் விடுகதையாகிவிடுகிறது. எழுந்து செருப்பைத் தேடுகிறவர்கூட அடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் நிற்பார்.

ஆனால் மேடையில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. அவர்கள் செய்தது கூட்டத்துக்குத் தெரியாது, அதனால் விடுகதை வெறும் இழுவையாகிவிடும். அவர்களுக்குப் பதவியும் பெயரும் முன்னால், செய்தது பின்னால். அதேபோல் "செய்தவர் இன்னார், செய்தவர் இன்னார்" என்று தொடர்ந்து நாலைந்து வாக்கியம் வந்தால் அதுவும் ஒரே ராகம்தான். மூன்றுக்கு மேல் அடுக்காமல் நடுவில் வேறு மாதிரி ஒரு வாக்கியம் வந்தாக வேண்டும்.

சரி, 46 பேரைப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். பையன்கள் கொடுத்த தாளில் ஞாபகம் வந்த வரிசையில் எழுதியிருந்தார்கள். வட்டாட்சியருக்கு அடுத்து சமையல்காரம்மா, அவருக்கு அடுத்து பெங்களூரிலிருந்து பணம் அனுப்பியவர். தெரு வாரியாகப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி. மைக்கில் தெருவை வரிசையாகச் சொன்னால், கேட்பவர் காதில் அதற்குள் இருக்கும் இன்னொரு வரிசைதான் விழும். எந்தத் தெருவை முதலில் சொன்னாய், எந்தத் தெருவைக் கடைசியில் வைத்தாய் என்று பேச்சு போகும். கொடுத்த பணத்தை வைத்துப் பிரித்தாலும் இதே வம்புதான். அதனால் வேலையை வைத்துப் பிரித்தோம். மேடை விருந்தினர் 7 பேர். தங்கள் நிலத்தில் கால்வாய்க்கு வழி விட்டவர்கள் 5 பேர். வண்டியும் இயந்திரமும் 9. பணம் கொடுத்தவர்கள் 11. அடுப்பு 6. கடைசியில் பையன்கள் 8. இப்படிப் பிரிக்கும்போது எல்லாத் தெருவும் எல்லாக் குழுவிலும் கலந்துவிட்டன.

அடுப்புக் குழுவுக்கு எழுதிய பத்தியை அப்படியே தருகிறேன்.

"வேலை நடந்த அத்தனை நாளும் இந்தக் கரையில் ஓர் அடுப்பு அணையாமல் எரிந்தது. கோழி கூவுகிற நேரத்துக்குக் களி கிண்டியவர்கள் பச்சியம்மாள், மாதம்மாள், காவேரி. களி இருந்தால் போதுமா? கீரை பறித்துக் கடைந்து கொண்டுவந்தவர் பெரியபாப்பா. விறகு முழுக்க ஒரே வீட்டிலிருந்து வந்தது. எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். சின்னத்தாயி அக்கா வீடு. இத்தனை பேர் சாப்பிட்ட தட்டையெல்லாம் யார் கழுவுவது என்று ஒருநாளும் பேச்சு வரவில்லை, ஏனென்றால் லட்சுமி இருந்தார். இந்த ஆறு பேருக்கும் ஊர் சார்பில் நன்றி."

இதில் முதல் மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் ஓடுகின்றன. அடுத்தது தனியாக வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கேள்வி குறுக்கே விழுகிறது. ஐந்தாவது பெயரைக் கூட்டம் நமக்கு முன்னால் சொல்லிவிடும். ஆறாவதில் பெயர் வந்த பிறகும் வினை மிச்சம் இருக்கிறது. ஆறு பேருக்குள்ளேயே ஐந்து விதமான நடை. படிப்பவர் ஏற்ற இறக்கம் காட்ட மெனக்கெடவே வேண்டாம். "களி இருந்தால் போதுமா?" என்பதை யாராலும் அதற்கு முந்தைய வாக்கியத்தின் ராகத்தில் படிக்க முடியாது.

வண்டிக் குழுவில் ஒரு சிக்கல் இருந்தது. ஏழு டிராக்டர்கள், ஏழு பேரும் செய்தது ஒரே வேலை. ஆளுக்கொரு வாக்கியம் எழுதினால் பொய்யாக எதையாவது இட்டுக்கட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்யக் கூடாது. ஒரே வேலை செய்தவர்களை ஒரே மூச்சில்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு பெயர் ஒரு மூச்சுக்கு அதிகம். நான் பார்த்தவரை மூன்று நான்கு பெயர் வரைக்கும் கேட்பவர் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறார். ஐந்தாவதிலிருந்து ஓசை மட்டும் ஓடுகிறது. விசாரித்தபோது, நாலு வண்டி வண்டலைக் கரைக்கு ஏற்றியிருந்தது, மூன்று வண்டி வயல்களுக்கு அடித்திருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"டிராக்டர் ஏழு வந்தன. நாலு வண்டி மண்ணைக் கரைக்கு ஏற்றின: மாதையன், சின்னப்பையன், கோவிந்தன், அர்ச்சுனன். மூன்று வண்டி வயலுக்கு அடித்தன: மாரப்பன், செல்வம், ராஜா. நடு ஏரியில் ஒரு வண்டி சேற்றில் மாட்டி அச்சு முறிந்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? பாலக்கோட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதைக் கிளப்பி விட்டவர் அன்வர் பாய்."

இவர்களோடு முனியப்பனையும் சேர்த்து ஒன்பது. எந்த டிராக்டர்காரர் மாட்டிக்கொண்டார் என்பதை நான் சொல்லவில்லை. கூட்டம் சொல்லிக்கொண்டது. அவரும் சிரித்தார். அவர் சிரிப்பாரா மாட்டாரா என்பதை முந்தின நாளே தெரிந்துகொண்டுதான் அந்த வரியை வைத்தேன்.

பெயர்களில் இன்னொரு தொல்லை, பட்டியலில் மாதையன் மூன்று பேர். இந்தப் பக்கத்தில் இது சாதாரணம். தாளில் "கே. மாதையன்", "எம். மாதையன்" என்று முன்னெழுத்து போட்டிருந்தார்கள். எழுத்தில் அது சரி, ஒலிபெருக்கியில் 'கே', 'எம்' எல்லாம் காற்றில் போய்விடும். கேட்கிற மூன்று மாதையன்களும் முதல் தடவையே தன்னைத்தான் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை குழம்புவார்கள். வேலையை முன்னால் வைத்தால் இதுவும் தீர்ந்துவிடுகிறது. "கால்வாய்க்கு இரண்டு சென்ட் நிலம் விட்டுக் கொடுத்த மாதையன்" என்றால் அது ஒருவர்தான். ஊரில் ஆளைப் பிரித்துக் காட்டப் பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். "பால்கார மாதையன்" மாதிரி தொழிலைச் சொல்வதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லலாம். உடம்பைச் சொல்லும் பட்டப்பெயர் எவ்வளவு செல்லமாகப் புழங்கினாலும் மைக்குக்கு ஆகாது.

பணம் கொடுத்தவர்கள் 11 பேர். இவர்களுக்குத் தொகையைச் சொல்லவில்லை. மொய் வாசித்துக் கேட்டுப் பழகிய காதுகள் தொகையை எதிர்பார்க்கத்தான் செய்யும். ஆனால் ஒரு தொகையைச் சொன்னால் அடுத்த பெயரைவிட அடுத்த தொகைக்குத்தான் ஜனங்கள் காத்திருப்பார்கள்.   நான் ஊரை வைத்துச் சேர்த்தேன். பெங்களூரில் வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர், ஓசூரில் நாலு பேர், திருப்பூரில் இரண்டு பேர். பெரும்பாலானவர்கள் விழாவுக்கு வரவில்லை. வராதவர் பெயரைச் சொல்லும்போது ஒரு சின்ன ஏற்பாடு உதவும். அவருடைய அம்மாவோ அப்பாவோ எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பெயரைச் சொல்வது. இல்லாவிட்டால் வெளியூர்ப் பெயர்கள் தந்தி வாசித்த மாதிரி ஆகிவிடும்.

வாய்விட்டு வாசிக்கும் பெயர்ப் பட்டியலுக்குத் தமிழில் இருக்கும் பெரிய முன்மாதிரியைப் பலர் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை. 11 பாட்டு. தனியடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டம். பிற்பாடு சுந்தரரையும் அவருடைய அப்பா அம்மாவையும் சேர்த்துத்தான் அறுபத்து மூவர் என்ற கணக்கு வந்தது. நம் தாளில் இருந்ததைவிட நீளமான பட்டியல் அது. அதில் "அடியேன்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நம்முடைய "நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" மாதிரியே. ஆனாலும் அலுக்கவில்லை. ஏன்?

முதல் காரணம், வால் சின்னது. அடியேன் என்பது இரண்டே அசை, ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அடுத்து, பெயருக்கு முன்னால் ஒட்டும் அடை ஆளுக்கு ஆள் வேறு வகை. திருநீலகண்டருக்குத் தொழில்: "திருநீலகண்டத்துக் குயவனார்." இயற்பகைக்குக் குணம்: "இல்லையே என்னாத இயற்பகை." விறன்மிண்டருக்கு ஊர்: "விரிபொழில்சூழ் குன்றையார்." எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புகழ்மொழி இல்லை.

இன்னும் முக்கியமானது அளவு. மூன்றாம் பாட்டில் "முருகனுக்கும் உருத்திர பசுபதிக்கும் அடியேன்" என்று இரண்டு பேர் ஒரே அடியேனில் முடிந்துவிடுகிறார்கள். அதே பாட்டின் பின்பகுதியில் சண்டேசுரர் ஒருவருக்கே, "மெய்ம்மையே திருமேனி வழிபடா நிற்க வெகுண்டெழுந்த தாதைதாள் மழுவினால் எறிந்த அம்மையான் அடிச்சண்டிப் பெருமானுக்கு அடியேன்" என்று நீளமாகப் போகிறது. ஒரே பாட்டில் ஒருவருக்குப் பாதிச் சொற்றொடர், இன்னொருவருக்கு ஒரு முழுக் கதை. சமமாகப் பங்கிட்டிருந்தால் அது பாட்டாக இருந்திருக்காது, பதிவேடாக இருந்திருக்கும். மேடையில் நாம் பயப்படுவது இந்த இடத்தில்தான். ஒருவருக்கு இரண்டு வாக்கியம் கொடுத்தால் மற்றவர் கோபித்துக்கொள்வாரோ என்று எல்லாரையும் ஒரே அளவில் வெட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை, தன் பெயர் சுருக்கமாக வந்தது என்று யாரும் வருத்தப்படுவதில்லை. பெயர் தப்பாக வந்தால், அல்லது சத்தத்தில் கேட்காமல் போனால் வருத்தப்படுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பத்தாவது பாட்டு. அதில் தனிப்பெயரே கிடையாது, கூட்டங்கள்தான். கடைசிக்கு முன்னால் "அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்" என்று ஒரு வரி வரும். இந்த இடத்துக்கும் இந்தக் காலத்துக்கும் அப்பால் இருக்கிற, பெயர் தெரியாத எல்லாரையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் மேடைகளில் இந்த இடத்தில்தான் "யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்போம். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. விடுபட்டவரைப் பார்த்து, ஆமாம், உன்னை விட்டுவிட்டோம் என்று சொல்வதுபோல் இருக்கும். ஏரி விழாவில் அதற்குப் பதிலாக இப்படிச் சொன்னேன்: "ஒரு கூடை மண்ணாவது இங்கிருந்து தூக்கியவர்கள், தூக்கியவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தவர்கள், அத்தனை பேரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்." அதற்காகப் பட்டியலைச் சரிபார்க்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. முந்தின நாள் மூன்று பேரிடம் தனித்தனியாக வாசித்துக் காட்டினேன். ஒரு பெண், ஒரு பெரியவர், ஒரு பையன். அடுப்புக் குழுவில் இரண்டு பெயர்கள் அந்தப் பெண் சொல்லித்தான் சேர்ந்தன. பையன்களின் தாளில் அவை இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் 46.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பெயரை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோனதில் ஓர் ஆபத்து உண்டு. வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு குறையும், குரல் இறங்கும், பெயர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "கொண்டுவந்தவர் பெரிய..." வரைக்கும்தான் பின்வரிசைக்குக் கேட்கும். அதனால் பெயருக்கு முன்னால் நிறுத்துவது விடுகதைக்காக மட்டும் அல்ல, அங்கே மூச்சு எடுக்கவும்தான். எடுத்த மூச்சோடு பெயரைச் சொன்னால் கடைசி எழுத்து வரை போய்ச் சேரும். என் தாளில் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில், கீழே கோடு போட்டு இருக்கும். பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு, குழு முடிந்த இடத்தில் இரண்டு. எந்தப் பெயரும் வரி மாறி உடையக் கூடாது. "சின்னப்" ஒரு வரியிலும் "பையன்" அடுத்த வரியிலும் இருந்தால் நாக்கு கட்டாயம் தடுக்கும்.

கூம்பு ஒலிபெருக்கி கட்டிய இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கூம்பு, ரோட்டோரப் புளியமரத்தில் நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கூம்பு என்று கட்டியிருந்தால், மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே பெயர் இரண்டு தடவை, ஏறக்குறைய கால் விநாடிக்கு மேல் இடைவெளி விட்டுக் கேட்கும். வேகமாக அடுக்கினால் இந்தப் பெயரின் வாலும் அடுத்த பெயரின் தலையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். குழப்பம் உங்கள் காதுக்கே தெரியும். உங்கள் குரல் மரத்திலிருந்து திரும்பி வந்து அடங்கிய பிறகு அடுத்த பெயரைச் சொன்னால் சரியாக இருக்கும்.

கைதட்டலையும் குழுவின் முடிவுக்குத் தள்ளிவிட வேண்டும். பெயருக்குப் பெயர் தட்டவிட்டால் முதல் நாலு பேருக்குப் பலமாகத் தட்டுவார்கள், பதினைந்தாவது ஆளுக்கு இரண்டு பேர் தட்டுவார்கள். அது அவரை அவமானப்படுத்துவது போலாகும். நடுவில் தட்டத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்ல வேண்டாம். அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகத் தொடங்கினாலே அடங்கிவிடும். "இந்த ஆறு பேருக்கும்" என்று எண்ணிக்கை சொல்லி முடித்துவிட்டு மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் வந்தால், தட்ட வேண்டிய இடம் அதுதான் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். எங்கள் பக்கத்தில் சீட்டு வராத நன்றியுரையே இல்லை. அன்றைக்கு இரண்டு வந்தன. ஒன்றில் மோட்டார் பம்புக்கு நீளக் குழாய் கொடுத்தவரின் பெயர். வண்டிக் குழு அதற்குள் முடிந்துவிட்டது. சீட்டு வந்ததும் "இன்னொருவர் பெயர் இப்போது கிடைத்திருக்கிறது" என்று படிப்பதுதான் பலரின் வழக்கம். அவரைப் பிற்சேர்க்கை ஆக்கிவிடுகிற வேலை அது. கடைசிக் குழுவான பையன்களின் பத்தியில் ஒரு வரி இடம் எப்போதும் விட்டு வைத்திருப்பேன். "இந்தப் பையன்கள் ராத்திரியில் கதவைத் தட்டியபோது, கேள்வி கேட்காமல் முன்னூறு அடிக் குழாயை எடுத்துக் கொடுத்தவர் வெங்கடேசன்" என்று அங்கே உட்கார்ந்துவிட்டார். பட்டியலில் முதலிலிருந்தே இருந்தவர் போலத்தான் கேட்டது. இன்னொரு சீட்டில் ஒரு கட்சிக்காரர் தன் பெயரைத் தானே எழுதி அனுப்பியிருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மொத்தம் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நாட்டுப்பண் முடிந்து பந்திக்குப் போகும் வழியில் முன்னாள் தலைவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் கால்வாய்க்கு வழி விட்டவர்களில் ஒருவர், மேடையிலும் உட்கார்ந்திருந்தார். "வாத்தியாரே, என் நிலத்தைச் சொன்னது சரிதான். ஆனா நான் மேடையில இருந்த ஆளு. என்னை விருந்தாளிங்க கூட இல்ல படிச்சிருக்கணும்?" என்றார். விருந்தினர் ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரிதான் கொடுத்தோம், உங்களுக்கு நிலத்தோடு சேர்த்து மூன்று வரி வந்ததே என்றேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வரிசை பெரிதா, வரி பெரிதா என்பதில் அவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.